பின்தொடர்பவர் ஒருவருமில்லாத நிலையிலிருந்து: பிறர் பதிவுகளில் நாள்தோறும் பின்னூட்டம் எழுதி வளர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அக்கா, என்னை ஒருவரும் பின்தொடரவில்லை. என் பக்கத்தில் எழுதாமல் மற்றவர் பதிவின் கீழே போய் ஏன் எழுத வேண்டும்?"

நீங்கள் எழுதும் பதிவை லிங்க்ட்இன் முதலில் காட்டுவது உங்களோடு ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களுக்குத்தான். அவர்கள் படித்து, நின்று, ஏதாவது சொன்னால்தான் அது வெளியே பரவும். அந்த முதல் வட்டத்தில் ஆளே இல்லையென்றால் எவ்வளவு நல்ல பதிவும் எழுதிய இடத்திலேயே கிடக்கும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில், வந்திறங்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் ஒரு நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். அந்த வேலை போன பிறகு, சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சரக்கு வரவழைக்கும் சிறிய கடைக்காரர்களுக்கு ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையைத் தனியாகத் தொடங்கினேன். 2023 நவம்பரில் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நாள்கணக்கில் வரிசையில் காத்து நின்றன. அந்தச் சமயத்தில் இறக்குமதியாளர் என்ன செய்ய வேண்டும் என்று அக்கறையாக ஒரு நீண்ட பதிவு எழுதினேன். ஒன்பது பேர் பார்த்தார்கள். அதே வாரம் வேறொருவர் அதே நெரிசலைப் பற்றி எழுதியிருந்த பதிவின் கீழே, என் பதிவிலிருந்து ஐந்து வரிகளை மட்டும் பின்னூட்டமாக இட்டேன். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் விருப்பம் தெரிவித்தார்கள். பதினொரு பேர் என் பக்கத்துக்கு வந்து பார்த்தார்கள். சொன்ன விஷயம் இரண்டிலும் ஒன்றுதான். கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்த திண்ணையில் சொன்னேன் என்பது மட்டுமே வேறுபாடு.

"யாருடைய பதிவுகளில் எழுதுவது? நிறையப் பேர் பின்தொடரும் பெரிய மனிதர்களைத் தேர்ந்தெடுக்கலாமா?"

இந்தத் தேர்வில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நானும் முழுதாக ஒரு மாதத்தை இதில் இழந்தேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு நன்கு தெரிந்தது சரக்கு விடுவிப்பு. ஆகவே சரக்கு விடுவிப்பவர்களின் பதிவுகளைத் தேடிப் போய் எழுதினேன். நல்ல உரையாடல்கள் நடந்தன. மாத முடிவில் முப்பத்தைந்து பேர் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தால், ஏறக்குறைய எல்லோரும் என்னைப் போன்ற கிளியரிங் ஏஜென்டுகள். அவர்களில் ஒருவருக்கும் என் உதவி தேவையில்லை. வேலை தேடுபவராக நான் இருந்திருந்தால் அது சரியான கூட்டம்தான். எனக்குத் தேவைப்பட்டவர்களோ, பித்தளை விளக்கும் எவர்சில்வர் பாத்திரமும் சேலையும் தருவிக்கும் கடைக்காரர்கள்.

பதிவை எழுதுபவர் யார் என்று பார்க்காதீர்கள். அதன் கீழே வந்து படிப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஒரு பதிவைத் திறந்து, ஏற்கெனவே எழுதியிருக்கும் முதல் பத்துப் பேரின் பெயருக்குக் கீழே இருக்கும் வரியை வாசியுங்கள். அதில் மூன்று நான்கு பேராவது நீங்கள் சந்திக்க விரும்பும் வகையினர் என்றால் அந்தப் பதிவர் உங்கள் பட்டியலில் சேரத் தகுந்தவர். என் பட்டியலை இப்படி மாற்றியபோது கிளியரிங் ஏஜென்டுகள் பலர் வெளியேறினார்கள். சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தருபவர்கள், கடை நடத்துவோருக்கு அறிவுரை சொல்பவர்கள், சென்னை ஏற்றுமதியாளர்கள், குவாசுலு-நட்டால் மாநிலத்து வணிகச் செய்திகளை எழுதுபவர்கள் என்று பதினெட்டுப் பேர் அமைந்தார்கள்.

உலகப் புகழ் பெற்றவர்களை விட்டுவிடுங்கள். ஐந்நூறு பின்னூட்டங்களுக்கு நடுவில் உங்களுடையது ஒருவர் கண்ணிலும் படாது, எழுதியவரும் பதில் சொல்ல மாட்டார். ஒரு பதிவுக்குப் பத்து முதல் நாற்பது பின்னூட்டம் வரை வருகிற, வந்தவர்களுக்குப் பதில் சொல்கிற பழக்கமுள்ள, வாரத்துக்கு இரண்டு முறையாவது எழுதுகிற நடுத்தரப் பதிவர்களே நமக்கு ஏற்றவர்கள். பதினைந்து முதல் இருபது பேர் போதும். அவர்கள் ஒவ்வொருவரின் பக்கத்திலும் இருக்கும் மணி வடிவக் குறியை அழுத்தி வைத்தால், அவர்கள் எழுதியவுடன் உங்களுக்கு அறிவிப்பு வரும்.

"நாளுக்கு எத்தனை எழுத வேண்டும்? எந்த நேரத்தில்?"

மூன்று போதும். நான்காவதை எழுதும்போது எனக்குச் சரக்கு தீர்ந்துவிடுகிறது, வெறும் வார்த்தைகள் வருகின்றன. படிப்பதற்கும் எழுதுவதற்கும் சேர்த்து அரை மணி நேரம். அதோடு நேற்று எழுதியவற்றுக்கு வந்த பதில்களுக்கு மறுபதில் சொல்ல மாலையில் பத்து நிமிடம்.

பதிவு வெளியான முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழுதுவது நல்லது. பின்னூட்டங்களை "Most relevant" என்ற வரிசையில்தான் தளம் காட்டுகிறது. பதிலும் விருப்பமும் பெற்றவை அந்த வரிசையில் மேலே நிற்கும். முதலில் வருபவருக்கு அவற்றைச் சேர்த்துக்கொள்ள நேரம் அதிகம். மறுநாள் எழுதினால் அதை அந்தப் பதிவர் மட்டுமே படிப்பார். சில சமயம் அதுவும் போதுமானதுதான், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது.

டர்பனுக்கும் சென்னைக்கும் மூன்றரை மணி நேர இடைவெளி. இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே ஒன்பதரை. ஏற்றுமதியாளர்கள் அலுவலகம் வந்து எழுதத் தொடங்கும் நேரம். ஆகவே ஆறு மணிக்கு முதல் பின்னூட்டம் சென்னைக்காரர்களுக்கு. ஏழரை மணிக்கு மேல் எழுதும் மற்ற இரண்டும் இந்த ஊர்க்காரர்களுக்கு. காலையில் நேரமில்லாதவர்கள் மதிய உணவு வேளையில் எழுதலாம்.

"'அருமை', 'நல்ல தகவல், நன்றி' என்று எழுதுவதில் என்ன தவறு?"

மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படித்த மூன்றாம் மனிதருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. அவர் உங்கள் பெயரை அழுத்திப் பார்க்கக் காரணமும் இல்லை. நன்றி மட்டும்தான் சொல்ல வேண்டுமென்றால் விருப்பக்குறியை அழுத்திவிட்டுப் போய்விடலாம்.

"அப்படியானால் நல்ல பின்னூட்டம் எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?"

எனக்கு முதல் வாடிக்கையாளரைக் கொண்டுவந்த பின்னூட்டத்தையே முழுதாகச் சொல்கிறேன்.

சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதும் ஒருவர் இறக்குமதிச் செலவு பற்றிப் பதிவிட்டிருந்தார். அதன் கீழே ஒரு கடைக்காரர், "1,00,000 ராண்ட் மதிப்புள்ள சரக்கு. சுங்கத் தீர்வை 20,000. ஆக 1,20,000-க்கு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி 18,000 தானே வர வேண்டும்? என்னிடம் 19,500 வாங்கியிருக்கிறார்கள். என் ஏஜென்ட் ஏமாற்றிவிட்டாரா?" என்று கேட்டிருந்தார். எனக்கு முன்பே ஆறு பேர் அவருக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். "ஏஜென்டை மாற்றுங்கள்" என்றார் ஒருவர். "எல்லோருமே இப்படித்தான்" என்றார் இன்னொருவர்.

நான் எழுதியது இது:

"உங்கள் ஏஜென்டின் கணக்கு சரியாகத் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் இறக்குமதிக்கான மதிப்புக் கூட்டு வரியைக் கணக்கிடும்போது, சரக்கின் சுங்க மதிப்போடு அதில் 10 விழுக்காட்டைக் கூட்டிக்கொள்வார்கள். அதன் மேல் தீர்வையைச் சேர்ப்பார்கள். உங்களுக்கு 1,00,000 + 10,000 + 20,000 = 1,30,000. அதில் 15 விழுக்காடு 19,500. அடுத்த முறை விலை வைக்கும்போது இந்த 10-ஐ முதலிலேயே சேர்த்துக்கொண்டால் இப்படி அதிர்ச்சி வராது. நீங்கள் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்தவரா? அப்படியானால் செலுத்தியதைத் திரும்பக் கோரும் வழி உண்டு. சுங்க ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்."

ஒன்பது வாக்கியங்கள்தான். இதில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். முதல் வாக்கியமே அவர் கவலைக்கு விடை. நீளமான பின்னூட்டத்தில் முதல் சில வரிகள் மட்டுமே கண்ணில் படும், மீதி மடிந்து போகும். ஆகவே விடை அங்கேயே நிற்க வேண்டும். அடுத்து, அவருடைய எண்ணை வைத்தே போட்ட கணக்கு. என் அனுபவம் இத்தனை ஆண்டு என்று நான் சொல்லவில்லை, கணக்கு அதைச் சொல்லிவிட்டது. பிறகு, அவர் அடுத்த முறை செய்யக்கூடிய ஒரு காரியம். கடைசியில் உண்மையாகவே எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி. அந்தக் கேள்வி இருந்ததால் அவர் திரும்பி வந்து பதில் எழுதினார்.

ஏஜென்டுக்காக நான் பேசியதையும் கவனியுங்கள். எனக்குப் போட்டியாளர் என்று அவரைக் குறை சொல்லியிருந்தால் ஏழாவது குரலாகக் கலந்து போயிருப்பேன். அதைவிட முக்கியம், அது பொய்யாக இருந்திருக்கும்.

மறுநாள் இன்னொருவர் அதன் கீழே, "போட்ஸ்வானா, எஸ்வாட்டினி, லெசோத்தோ, நமீபியாவிலிருந்து வரும் சரக்குக்கு அந்த 10 விழுக்காடு கிடையாது" என்று சேர்த்தார். சரியான திருத்தம். என் மனம் இந்தியச் சரக்கிலேயே இருந்ததால் அதை எழுத மறந்திருந்தேன். நன்றி சொல்லி, ஆமாம் என்று எழுதினேன். அவர் இன்றுவரை என்னைப் பின்தொடர்கிறார். கேள்வி கேட்ட கடைக்காரர் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் பூஜைப் பொருள் விற்பவர். இரண்டு வாரம் கழித்துத் தனிச்செய்தி அனுப்பினார். தீபாவளிக்காக வரப்போகும் அடுத்த சரக்கின் ஆவணங்களைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"நான் வெருலம் ஊரில் ஒரு கடை வைத்திருக்கிறேன், தங்கச்சி. உங்களைப் போல ஒரு துறையில் எனக்கு அனுபவம் இல்லை. கணக்கெல்லாம் போட்டுக் காட்ட முடியாது. நான் என்ன எழுதுவது?"

ஐயா, விடை தெரிந்தவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. தொழிலுக்குள் இருப்பவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியும் அதே அளவு மதிப்புள்ளது. "இது தீர்வைக்கு மட்டுமா, மதிப்புக் கூட்டு வரிக்குமா?" என்று ஒருவர் கேட்டால், அவர் பதிவை ஊன்றிப் படித்தார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதுபோலவே, பதிவில் சொன்னதை நீங்கள் செய்து பார்த்தபோது என்ன நடந்தது என்று எழுதலாம். வெருலத்தில் கடை வைத்திருக்கும் நீங்கள், "இந்த முறையில் இருப்புக் கணக்கு எடுத்தேன். துணிக்குச் சரியாக வந்தது, மளிகைக்கு வரவில்லை, காரணம் மூட்டையை உடைத்துச் சில்லறையாக விற்பது" என்று எழுதினால், அதை வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பதிவர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்லாதீர்கள். படித்தேன் என்பதற்கு அது சாட்சியாகலாம், சிந்தித்தேன் என்பதற்கு ஆகாது.

"பின்னூட்டத்தில் என் தொலைபேசி எண்ணையோ கடை முகவரியையோ சேர்க்கலாமா?"

வேண்டாம். ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் அங்கே நம் கடையை விரிப்பதற்குச் சமம் அது. பதிவர் நீக்கிவிடுவார், அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததும் கடந்துவிடுவார். காவடி நாளிலும், பெரிய வெள்ளியன்று நடக்கும் மாரியம்மன் பூஜைக்குப் பிறகும், நம்மவர்கள் படங்கள் போடுவார்கள். அவற்றின் கீழே வாழ்த்துக்கு மேல் நான் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை.

உங்களைத் தேடிவர எண் தேவையில்லை. பெயரை அழுத்தினால் உங்கள் பக்கம் திறக்கும். அங்கே எல்லாம் இருக்க வேண்டும்.

"என் பக்கத்தில் என்ன மாற்ற வேண்டும்?"

பின்னூட்டத்தின் பக்கத்திலேயே உங்கள் பெயரும் படமும் அதன் கீழே ஒரு வரியும் தெரியும். அந்த வரி பாதியில் வெட்டப்பட்டுத்தான் தெரியும் என்பதால் முதல் ஐந்தாறு சொற்களே உங்கள் பெயர்ப்பலகை. என் வரி முதலில் "அனுபவமிக்க தளவாடத் துறை வல்லுநர்" என்ற பொருளில் இருந்தது. அதைப் படித்து நான் என்ன செய்கிறேன் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. "இந்தியாவிலிருந்து சரக்கு வரவழைக்கும் சிறு கடைகளுக்குச் சுங்க ஆவண உதவி" என்று மாற்றினேன். யாருக்கு, எதற்கு என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

முகம் தெளிவாகத் தெரியும் படம் வையுங்கள். சாமி படமோ பூவோ குழந்தையின் படமோ வைத்தால் மக்கள் நினைவில் உங்கள் முகம் பதியாது. பின்னூட்டத்தால் கிடைக்கும் பயனில் பாதி, அதே முகத்தை மூன்றாவது முறை பார்க்கும்போது வரும் பழக்கத்தில் இருக்கிறது.

பக்கத்துக்கு வருபவர் அடுத்துப் பார்ப்பது உங்கள் செயல்பாட்டுப் பகுதியை. அங்கே "Comments" என்ற தலைப்பின் கீழ் நீங்கள் பிறர் பதிவுகளில் எழுதியவை வரிசையாகக் கிடக்கும். சொந்தப் பதிவு ஒன்றும் இல்லாதவருக்கும் அது ஒரு சான்றுக் கோவைதான். அரசியல் சண்டையில் கோபமாக எழுதியதும் அதே வரிசையில் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: தெரிந்தவர்களை முதலிலேயே இணைத்துக்கொள்ளுங்கள். பழைய சக ஊழியர்கள், கூடப் படித்தவர்கள், கோயில் குழுவில் உடன் வேலை செய்பவர்கள் என்று முப்பது பேர் சேர்ந்தால் போதும். நீங்கள் எங்காவது பின்னூட்டம் எழுதும்போது, அவர்களில் சிலருக்கும் அது காட்டப்படுகிறது. முழுச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

"ஆங்கிலத்தில் எழுதுவதா, தமிழில் எழுதுவதா?"

பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில். இந்த ஊரில் நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ் வகுப்புக்குப் போனவர்கள்கூட மெதுவாகத்தான் வாசிப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டு ஏற்றுமதியாளர்கள் சிலர் தமிழில் எழுதுகிறார்கள். அங்கே தமிழில் பதில் சொல்லும் தென்னாப்பிரிக்கர் மிகக் குறைவு. அதனால் உடனே கவனிக்கப்படுவீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து பாத்திரம் அனுப்பும் ஒருவர் விலைப்பட்டியல் எழுதுவது பற்றித் தமிழில் பதிவிட்டிருந்தார். நான் எழுதினேன்: "இந்தியாவில் சுங்க மதிப்பில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும். எங்கள் நாட்டில் சரக்கு கப்பலில் ஏறும்வரை உள்ள மதிப்புக்குத்தான் தீர்வை. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதி அனுப்பினால் இங்கே வாங்குபவர் கப்பல் கட்டணத்துக்கும் சேர்த்துத் தீர்வை கட்ட நேரிடலாம். கட்டணத்தைத் தனி வரியில் காட்டுங்கள்." அவர் உடனே பதில் சொன்னார். டர்பனில் தன்னிடம் வாங்கும் இரண்டு கடைக்காரர்களை அந்தப் பின்னூட்டத்திலேயே பெயர் சுட்டி அழைத்தார். அப்படி அழைக்கப்படுவதைவிட நல்ல அறிமுகம் வேறு இல்லை.

"பதிவர் சொன்னது தவறு என்று தெரிந்தால் மறுத்து எழுதலாமா?"

எழுதலாம். எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் சொல்லி, காரணத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். "நீங்கள் சொன்னது துறைமுகத்துக்குள் சரக்குப் பெட்டகம் தங்கியதற்கான கட்டணம், அதை டெமரேஜ் என்பார்கள். வெளியே எடுத்துப்போன பெட்டகத்தைக் காலியாகத் திருப்பித்தரத் தாமதமானால் கட்டுவது டிடென்ஷன். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் கணக்கு மாறும்" என்று எழுதினால் யாருக்கும் முகம் சுருங்காது. பெரும் தவறு என்றால், எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல் தனிச்செய்தியில் சொல்லுவேன். வயதில் மூத்தவர்களிடம் எப்போதும் அப்படித்தான்.

"இப்படி எழுதி உங்களுக்குத் தொல்லை ஏதும் வந்ததுண்டா?"

ஒரு முறை வந்தது. அதிலிருந்து நான் எழுதும் முறையே மாறியது. ஒரு பதிவின் கீழே, விளக்கம் தெளிவாக இருக்கட்டும் என்று, உண்மையான ஒரு சரக்கைப் பற்றி எழுதினேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பொருள் என்ன, எந்த வாரம் வந்தது, எத்தனை பெட்டகம், என்ன சிக்கல் என்று எல்லாம் எழுதிவிட்டேன். இந்த ஊர் சிறியது. அந்தப் பொருளை அந்த வாரம் இறக்கியவர் ஒருவர்தான் என்று தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்தார். "நம்பித்தானே ஆவணம் கொடுத்தேன்" என்று கேட்டார். உடனே நீக்கினேன், நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். என்றாலும் அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

இப்போது பொருளை மாற்றுவேன், எண்களைத் தோராயமாக்குவேன், காலத்தைச் சொல்லமாட்டேன். மேலே சொன்ன கணக்கு, கடைக்காரர் தாமே எல்லோர் முன்னும் வைத்த எண்களில் போட்டது, அது வேறு. நீங்கள் இன்னும் ஒரு நிறுவனத்தில் வேலையில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அலுவலக நேரத்தில் எழுதாதீர்கள், அலுவலகத்தில் பார்த்ததை எழுதாதீர்கள்.

"ஒரு மாதமாக எழுதுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

படிப்பவர் உங்கள் பின்னூட்டத்தைப் பார்க்க வேண்டும், பார்த்து உங்கள் பக்கத்துக்கு வர வேண்டும், வந்து "Follow" அழுத்த வேண்டும். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பாருங்கள். நான் ஒரு பள்ளி நோட்டில் ஞாயிறு மாலைதோறும் மூன்று எண்களை எழுதுகிறேன்: பின்னூட்டங்களுக்குக் கிடைத்த பார்வைகள், பக்கத்துக்கு வந்தவர்கள், புதிதாகப் பின்தொடர்ந்தவர்கள். மூன்றையும் தளமே காட்டுகிறது.

பார்வையே குறைவென்றால் பதிவர்களின் தேர்வு சரியில்லை அல்லது தாமதமாக எழுதுகிறீர்கள். பார்வை இருக்கிறது, பக்கத்துக்கு ஆள் வரவில்லை என்றால் பின்னூட்டத்தில் புதிதாக ஒன்றும் இல்லை, அல்லது பெயருக்குக் கீழே உள்ள வரி யாருக்கும் புரியவில்லை. வருகிறார்கள், ஆனால் பின்தொடரவில்லை என்றால் பக்கம் வெறுமையாக இருக்கிறது, அல்லது பின்னூட்டத்தில் பேசியது ஒன்றும் பக்கத்தில் இருப்பது வேறொன்றுமாக இருக்கிறது. பின்தொடர்கிறார்கள், ஆனால் வேலை வரவில்லை என்றால் என் முதல் மாதத்தைப் போலத் தவறான கூட்டம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

என் எண்களையும் சொல்கிறேன், அளவுகோலாக அல்ல, எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும் என்பதற்காக. மூன்று மாத முடிவில் இருநூறுக்குச் சற்று மேற்பட்டவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஏழு பேர் தனிச்செய்தியில் பேசினார்கள். இருவர் வேலை கொடுத்தார்கள். அந்த இருவருமே பின்தொடர்ந்தவர்களின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டுவதற்கு முன்பே வந்துவிட்டவர்கள்.

"நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒருவர் பதிவில் ஒருவர் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள். சேரலாமா?"

வேண்டாம். கடமைக்காக எழுதும் பத்துப் பேரும் உங்கள் சரக்கை வாங்கப் போவதில்லை. எல்லாப் பதிவிலும் அதே பத்துப் பெயர்கள் இருப்பதைப் படிப்பவர்கள் இரண்டே வாரத்தில் கண்டுகொள்வார்கள். ஒரே வாசகத்தைப் பல இடங்களில் ஒட்டுவதும் அப்படித்தான். தளம் அதைக் குப்பை என்று எண்ணிக் கணக்கையே கட்டுப்படுத்தலாம்.

"எப்போது சொந்தமாகப் பதிவு எழுதத் தொடங்கலாம்?"

ஒரே கேள்வியை மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று பேர் கேட்டு, மூன்று முறையும் நீங்கள் பதில் எழுதிவிட்டீர்கள் என்றால், அதுதான் உங்கள் முதல் பதிவு. அந்த 10 விழுக்காட்டுக் கணக்கை நான் நான்காவது முறையாக எழுத நேர்ந்தபோது, அதைச் சற்று விரித்து என் பக்கத்தில் போட்டேன். முன்பு உரையாடியவர்களில் ஐந்தாறு பேர் அங்கே வந்து எழுதினார்கள், முதன்முதலில் கேட்ட பூஜைப் பொருள் கடைக்காரரும் வந்தார்.

இதற்காகவே, நன்றாக வந்த பின்னூட்டங்களை உங்களிடமும் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவர் தம் பதிவை நீக்கினால் அதன் கீழே நீங்கள் எழுதியதும் போய்விடும். எனக்கு அப்படி இரண்டு நல்ல விளக்கங்கள் போயின.

"இதை எத்தனை காலம் செய்ய வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்?"

நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் பக்கத்துக்கு வருபவர்கள் குறைந்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு உடல்நலமில்லாமல் நான் ஒரு மாதம் விலகியிருந்தபோது நோட்டில் அதைக் கண்டேன். பின்தொடர்ந்தவர்கள் போகவில்லை, புதியவர்கள் வரவில்லை. திரும்பி வந்ததும் பட்டியலில் உள்ளவர்களில் மூவர் நலம் விசாரித்து எழுதினார்கள். இப்போது வேலை கூடிவிட்டதால் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு இரண்டு என்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பட்டியலைச் சரிபார்ப்பேன்: எழுதுவதை நிறுத்தியவர்களை எடுத்துவிட்டு, அந்த வாரம் என் பின்னூட்டத்துக்கு நல்ல பதில் எழுதிய யாராவது தாமும் பதிவு எழுதுகிறாரா என்று பார்த்து, அவரைச் சேர்ப்பேன்.